தாமதமாக வரும் பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் எழுதும் செய்தி

வருகைப் பதிவேட்டில் தாமதத்துக்கு இடம் கிடையாது. முற்பகலுக்கு ஒரு குறி, பிற்பகலுக்கு ஒரு குறி. பிள்ளை வந்திருக்கிறாளா இல்லையா என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். 9.15 மணிக்கு பிரேயரில் நின்ற பிள்ளைக்கும் 9.50 மணிக்கு வாசலில் தயங்கி நின்ற பிள்ளைக்கும் ஒரே குறிதான். அதனால் ஒரு மாதம் கழித்து, "இவள் எத்தனை நாள் லேட்டாக வந்தாள்?" என்று யோசிக்கும் ஆசிரியரிடம் கணக்கு எதுவும் இருக்காது, எரிச்சல்தான் மிஞ்சியிருக்கும். அந்த எரிச்சலோடு பெற்றோருக்கு எழுத உட்கார்ந்தால் எழுத்திலும் அதுதான் வரும்.

ஆகவே அக்கறையோடு எழுதும் செய்தி ஒரு சிறிய நோட்டில் தொடங்குகிறது. தேதி, கிழமை, பிள்ளை வகுப்புக்குள் வந்த மணி. இந்த மூன்றையும் மூன்று நான்கு வாரம் குறித்துவைத்தால் போதும். காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். எண்கள் மட்டும் போதும், ஏனென்றால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதன் சாயல் பெரும்பாலும் அந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். நூற்பாலைகள் நிறைந்த வேடசந்தூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. 9.15க்கு மணி அடிக்கும், பிரேயர் முடிந்து 9.30க்கு முதல் பீரியட். அது வகுப்பாசிரியை எடுக்கும் கணக்குப் பாடம். மாதத்தின் முதல் வாரத்தில் ஐந்து நாளும் அந்தப் பெண் 9.50 வாக்கில் வருகிறாள். இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுகிறாள். நான்காம் வாரம் திங்கள், செவ்வாய், புதன் மறுபடியும் 9.50. புதன்கிழமை வரை 18 வேலை நாட்கள், அதில் 8 நாள் தாமதம்.

நோட்டைப் புரட்டினால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, வந்த நேரம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. தூங்கி எழத் தாமதமாகும் பிள்ளை ஒரு நாள் 9.25க்கு வருவாள், மறுநாள் 10 மணிக்கு வருவாள். எட்டு நாளும் 9.50 என்றால் நடுவில் ஒரு பஸ் இருக்கிறது, ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறாள். இரண்டாவது, தாமதம் வாரம் வாரமாக வருகிறது. நடுவில் இரண்டு வாரம் சரியாக வந்த பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. வீட்டில் ஏதோ ஒன்று வாரக் கணக்கில் மாறிக்கொண்டிருக்கிறது. மில் ஊரில் அப்படி வாரத்துக்கு வாரம் மாறுவது என்ன என்று அங்கே வேலை பார்க்கும் ஆசிரியருக்குச் சட்டென்று தோன்றிவிடும். காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று ஆலையில் மூன்று ஷிப்டு ஓடும், ஆட்கள் முறை வைத்து மாறுவார்கள்.

வேறு பிள்ளைகளிடம் வேறு வடிவம் தெரியும். ஒவ்வொரு திங்களும் மட்டும் தாமதம் என்றால் சனி ஞாயிறுக்கு வேறு ஊருக்குப் போய்த் திரும்புகிற வீடாக இருக்கலாம். நாள்விட்டு நாள் என்றால் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளைப் பாருங்கள், குடம் பிடித்து வைக்கிற வேலை யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். குறிப்பிட்ட இரண்டு கிழமைகளில் மட்டும் என்றால் கால அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டும், அந்த நாட்களின் முதல் பாடத்துக்கோ அந்த ஆசிரியருக்கோ பிள்ளை பயப்படலாம். பத்து நிமிடத்தில் தொடங்கிய தாமதம் இருபது, முப்பது என்று வளர்ந்துகொண்டே போனால் இரவுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்கலாம். 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள், அந்த வயதில் உடம்பே இரவில் தாமதமாகத்தான் தூக்கத்துக்கு இறங்குகிறது. ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு திடீரென்று தொடங்கிய தாமதம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. அந்தத் தேதியில் அந்த வீட்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

இவையெல்லாம் ஊகங்கள். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று முடிவுசெய்ய மட்டுமே அவை உதவ வேண்டும், செய்திக்குள் நுழையக் கூடாது. "நீங்கள் முதல் ஷிப்டு போவதால்தான் பிள்ளை லேட்டாகிறது, அப்படித்தானே?" என்று எழுதினால், ஊகம் சரியாகவே இருந்தாலும் அந்தத் தாயின் வயிற்றுப்பிழைப்பின் மேல் குற்றம் சுமத்தியது போலாகிவிடும்.

வீட்டுக்கு எழுதும் முன் பிள்ளையிடம் பேச வேண்டும். வகுப்பு நடுவில் நிற்கவைத்துக் கேட்பது பேச்சில் சேராது. தனியாக, இரண்டு நிமிடம் போதும். "பஸ் போயிடுச்சு டீச்சர்" என்பாள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பஸ் ஏன் போனது என்பதைச் சொல்ல அந்த வயதுப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்கும், அம்மாவைக் காட்டிக்கொடுப்பது போலத் தோன்றும். அதற்கு மேல் நோண்ட வேண்டாம். "அம்மாகிட்ட பேசலாம்னு இருக்கேன். உன்னைப் பத்திக் குறை சொல்றதுக்கு இல்லை, காலையில என்ன சிரமம்னு கேக்கறதுக்குத்தான்" என்று சொல்லிவிட வேண்டும். தன் முதுகுக்குப் பின்னால் வீட்டுக்குச் செய்தி போனது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை ஆசிரியரிடம் எதையும் சொல்லாது.

இனி செய்தி. வழக்கமாகப் போவது எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். "உங்கள் மகள் தினமும் லேட்டாக வருகிறாள். பலமுறை கண்டித்தும் திருந்தவில்லை. நாளை பெற்றோருடன் வந்தால் மட்டுமே வகுப்பில் அனுமதிக்கப்படுவாள்." பெரும்பாலும் இதை எழுதும் ஆசிரியர் கெட்டவர் அல்ல. அறுபது பேர் உள்ள வகுப்பில் பாடத்தின் நடுவே கதவு தட்டப்படும்போது எவருக்கும் கோபம் வரும். ஆனால் இந்த மூன்று வரியும் காரியத்தைக் கெடுக்கும். 18 நாளில் 10 நாள் சரியாக வந்தவளைப் பற்றி "தினமும்" என்று எழுதியிருக்கிறது. அவள் நேரத்தோடு கிளம்பிப் போன நாட்களைத் தன் கண்ணால் பார்த்த தாய் அந்தச் சொல்லைப் படித்ததும் மீதியையும் நம்பமாட்டார். "திருந்தவில்லை" என்றால் பிள்ளையிடம் ஏதோ கெட்ட குணம் இருப்பதாகப் பொருள், அன்று இரவு அந்தப் பிள்ளைக்கு அடி விழலாம். "நாளை வந்தால் மட்டுமே" என்பதற்கு ஒரு ஷிப்டுக் கூலி போகும். கூலியை விட முடியாத வீட்டில் பிள்ளையை நிறுத்திக்கொள்வார்கள், இருபது நிமிடத் தாமதம் இரண்டு நாள் ஆப்சென்ட் ஆகிவிடும்.

மிரட்டலுக்குச் சட்டத்திலும் பலமில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அது. பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் அதன் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. தாமதமாக வந்தவளை முட்டி போடவைப்பதற்கோ "டிசியை வாங்கிக்கொண்டு போ" என்பதற்கோ இடமில்லை.

அதே விஷயத்தை அந்த வகுப்பாசிரியை புதன்கிழமை மாலையில் இப்படி எழுதலாம்:

"வணக்கம் அம்மா. நான் உங்கள் மகளின் வகுப்பு டீச்சர். பாப்பா நன்றாக இருக்கிறாள், பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும்.

இந்த மாதம் முதல் வாரத்தில் ஐந்து நாளும், இந்த வாரம் திங்கள் முதல் இன்று வரை மூன்று நாளும் பாப்பா 9.50 வாக்கில் வகுப்புக்கு வந்தாள். நடுவில் இரண்டு வாரம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள். 9.30க்குக் கணக்குப் பாடம் தொடங்குகிறது. அதில் காரணிப்படுத்துதல் என்ற பகுதியின் ஆரம்பம் அவளுக்கு விட்டுப்போயிருக்கிறது. நேற்று போர்டில் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். முதல் படியை நான் எடுத்துக்கொடுத்ததும் மீதியை அவளே சரியாகப் போட்டுவிட்டாள். விட்டுப்போனதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

காலையில் பாப்பா கிளம்புவதில் ஏதாவது சிரமம் இருக்கிறதா அம்மா? பஸ்ஸோ வீட்டு வேலையோ உடம்பு சரியில்லாததோ, எதுவானாலும் சொல்லுங்கள். எங்களால் செய்ய முடிந்ததைச் செய்கிறோம். உங்களிடம் கேட்கப் போகிறேன் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறேன். அவளைத் திட்ட வேண்டாம்.

நீங்கள் பள்ளிக்கு வர வேண்டியதில்லை. ஓய்வாக இருக்கும்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதும். மாலை 5 மணியிலிருந்து 8 மணி வரை போனிலும் பேசலாம்."

"பாப்பா நன்றாக இருக்கிறாள்" என்பது ஏன் முதலிலேயே வருகிறது? பள்ளியிலிருந்து செய்தி வந்தாலே வீட்டில் நெஞ்சு பதறும். பதறிய நெஞ்சோடு படித்தால் கீழே எவ்வளவு மென்மையாக எழுதியிருந்தாலும் ஏறாது. அடுத்து நாட்களும் நேரமும் எண்ணாக வருகின்றன, சரியாக வந்த இரண்டு வாரமும் கூடவே வருகிறது. அந்த ஒரு வாக்கியம் நியாயத்துக்காக மட்டும் எழுதியது அல்ல. எந்த வாரம் எது என்று ஷிப்டு போகும் தாய்க்கு உடனே புரிந்துவிடும், ஆசிரியர் சொல்லாமலேயே காரணத்தை அவரே கண்டுகொள்வார்.

பிறகு தாமதத்தால் பிள்ளைக்கு ஆன நட்டம். பள்ளியின் ஒழுங்கு கெடுகிறது, மற்ற பிள்ளைகளும் கெடுவார்கள் என்பவை பள்ளியின் கவலைகள். பெற்றோரின் கவலை தம் பிள்ளை. எட்டு நாளில் நாளுக்கு 20 நிமிடம் என்றால் 160 நிமிடம், அதாவது 40 நிமிடப் பீரியட்டில் நான்கு. அதுவும் புதுப் பாடம் தொடங்கும் நிமிடங்கள். இதைக் கூட்டிக் கழித்துச் செய்தியில் எழுதினால் மிரட்டலாகத் தோன்றும், அதனால் ஆசிரியை ஒரே ஒரு கணக்கைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்தக் கணக்கு பிள்ளையால் முடியும் என்பதையும் காட்டுகிறது. பாராட்டைச் செயற்கையாகச் சேர்க்க வேண்டிய வேலை மிச்சம்.

கேள்வி ஒன்றே ஒன்று. அதற்குப் பதில் சொல்லச் சில வழிகளையும் ஆசிரியை எடுத்துக்கொடுத்திருக்கிறார். "ஏன் லேட்?" என்று மட்டும் கேட்டால் "இனிமே லேட்டாகாம பாத்துக்கறேன் டீச்சர்" என்ற பதில்தான் வரும். அது விளக்கம் அல்ல, பேச்சை முடித்துக்கொள்ளும் மன்னிப்பு. காரணம் தெரியாமல் கிடைக்கும் வாக்குறுதி அடுத்த முதல் ஷிப்டு வாரத்தில் உடைந்துவிடும். அப்போது ஆசிரியருக்குக் கோபம் இரட்டிப்பாகும், தாய்க்கு அவமானம் இரட்டிப்பாகும்.

அனுப்பும் விதத்திலும் கவனம் வேண்டும். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடக் கூடாது. பெயர் சொல்லாமல் "சில மாணவர்கள்" என்று போட்டாலும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளையின் கையில் சீட்டாகக் கொடுத்துவிட்டால் அது பாதி வழியில் கிழிபடலாம், அப்படிக் கிழித்தால் பிள்ளை மேல் இன்னொரு குற்றம் சேரும். பள்ளியில் பதிவாகியிருக்கும் எண் அப்பாவுடையதா, அண்ணனுடையதா, பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம். படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு இதே விஷயத்தை ஆசிரியர் தன் குரலில் பேசி அனுப்புவது நல்லது, எழுத்தை விடக் குரலில் அக்கறை எளிதாகக் கேட்கும். மில் ஊர்களில் ஒடியாவும் இந்தியும் பேசும் குடும்பங்கள் வந்து தங்கியிருக்கின்றன. அங்கே பிள்ளையையே மொழிபெயர்க்கவைக்கும் வழக்கம் உண்டு. தன்னைப் பற்றிய செய்தியைத் தானே மொழிபெயர்க்கும் நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்தக் கூடாது, வேறு ஆளைத் தேட வேண்டும். நேரம் மாலையாக இருக்கட்டும். காலையில் கதவு தட்டப்பட்ட கையோடு எழுதினால் வேலையில் இருக்கும் தாய்க்கு அது நாளெல்லாம் உறுத்தும்.

அந்தத் தாயிடமிருந்து மறுநாள் சாயங்காலம் குரல் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "டீச்சர், மொத ஷிப்டு வாரத்துல நான் அஞ்சு மணிக்கே வேன் ஏறிருவேன். அவங்க அப்பா லாரிக்குப் போனா வர பத்து நாளாகும். பாப்பாதான் சோறாக்கி, தம்பியக் கெளப்பி, ஸ்கூல்ல விட்டுட்டு வருது. அதுக்குள்ள எட்டே முக்கா பஸ்சு போயிருது டீச்சர். அடுத்தது ஒம்பது இருபத்தஞ்சுக்குத்தான்."

இப்போது பேச ஒரு பொருள் கிடைத்துவிட்டது. பிரச்சினை எங்கே இருக்கிறது? காலை 8 மணிக்கும் 8.45க்கும் நடுவில், ஒரு சிறுவனுக்குச் சோறூட்டி அவனைப் பள்ளியில் விடுவதில். தம்பி ஊரிலேயே அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒன்று முதல் ஐந்து வரையிலான பிள்ளைகளுக்கு அங்கே முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளி தொடங்கும் முன் சாப்பாடு உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தம்பி அங்கே சாப்பிடலாம். ஆனால் அக்காவை விட்டுத் தனியாகப் போக அழுகிறான், அதனால் அக்கா வீட்டிலேயே ஊட்டிவிட்டு மெதுவாகக் கூட்டிப் போகிறாள். முதல் ஷிப்டு வாரங்களில் மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அவனைச் சீக்கிரமே அனுப்பினால் என்ன என்று ஆசிரியை கேட்கிறார். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறார், அவன் சாப்பிட்டானா என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. இந்த ஏற்பாடு தாய் வேலைக்குப் போவதைத் தொடவில்லை, பெண்ணையும் கண்டிக்கவில்லை. சமையல் வேலை இன்னும் அந்தப் பெண்ணின் தலையில்தான் இருக்கிறது. அதை ஒரு செய்தியால் மாற்றிவிட முடியாது.

எல்லாப் பதிலும் இப்படி அமையாது. சில நேரம் பதிலே வராது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பேச்சில்லை என்றால் அலட்சியம் என்று முடிவு கட்ட வேண்டாம், வெட்கமாகவும் இருக்கலாம். மூன்று நான்கு நாள் பொறுத்து, "பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை அம்மா, பாப்பாவுக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி அனுப்பலாம். பிள்ளை காலையில் பசியோடு வருகிறாள், உடம்பில் காயம் தெரிகிறது, பள்ளிக்கு வரும் வழியில் யாரோ தொந்தரவு செய்கிறார்கள், படிக்கும் வயதில் கூலி வேலைக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்தால் அது தாமதப் பிரச்சினையே அல்ல. தலைமை ஆசிரியரிடம் உடனே சொல்ல வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. அங்கே வீட்டுக்குச் செய்தி எழுதிவிட்டுக் காத்திருப்பது ஆபத்தாகக்கூட முடியலாம்.

ஏற்பாடு பலித்ததா என்று பார்ப்பதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. செய்தி போனது நான்காம் வாரம் புதன்கிழமை. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் அந்தப் பெண் தினமும் சரியான நேரத்துக்கு வருவாள். "ஒரு மெசேஜ் போட்டேன், திருந்திவிட்டாள்" என்று ஆசிரியர்கள் அறையில் பேச்சு வரும். ஆனால் அந்த இரண்டு வாரமும் அவள் எப்படியும் நேரத்தோடு வரக்கூடிய வாரங்கள்தான், அம்மா காலையில் வீட்டில் இருப்பார் அல்லது இரவு ஷிப்டு முடிந்து ஏழு மணிக்குள் வந்துவிடுவார். தம்பியை முன்னாலேயே அனுப்பும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்பது ஏழாம் வாரத்தில்தான் தெரியும். அதுவரை நோட்டில் குறிப்பதை நிறுத்தக் கூடாது. ஏழாம் வாரத்தில் ஐந்தில் ஒரு நாள் மட்டும் 9.50, மற்ற நாலு நாளும் மணிக்கு முன்பே என்று இருந்தால் ஏற்பாடு பலித்துவிட்டது. அந்த ஒரு நாளைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

அப்போது இரண்டாவது செய்தி ஒன்று போக வேண்டும். முதல் செய்தியை அனுப்பும் பலர் இதை அனுப்புவதில்லை. பள்ளியிலிருந்து குறை மட்டுமே வரும் என்று பழகிப்போன வீட்டுக்கு அதன் மதிப்பு அதிகம். "வணக்கம் அம்மா. இந்த வாரம் முதல் ஷிப்டு என்று தெரியும். பாப்பா நாலு நாள் 9.10க்கே வந்துவிட்டாள். காரணிப்படுத்துதலில் வைத்த சின்ன டெஸ்டில் எல்லாக் கணக்கையும் தொடக்கத்திலிருந்து அவளே போட்டாள். தம்பி காலையில் அழாமல் போகிறானா?" கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம். அவன் இன்னும் அழுதுகொண்டேதான் போகிறான் என்றால் இந்த ஏற்பாடு அடுத்த சுற்று வரை தாங்காது, அதற்கு முன்பே வேறு வழி யோசிக்க வேண்டும்.